கொண்டை ஊசி வளைவில் கைகளைக் குறுக்கே போட்டு ஸ்டியரிங் சுற்றலாமா?

தேன்மொழி_நாமக்கல்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து ஓராண்டு ஆகிறது. வண்டி சிறிய ஹேட்ச்பேக். பவர் ஸ்டியரிங்கும் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் உண்டு. கணவரின் பெற்றோர் செம்மேட்டில் வசிப்பதால் காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்திருக்கும்.

சமதளத்தில் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில்தான் வண்டி ஒரே சீராகத் திரும்பாமல் இரண்டு மூன்று வெட்டுகளாக வெட்டித் திரும்புகிறது. பாதி மலை ஏறுவதற்குள் பின்னிருக்கையில் மகன் வாந்தி எடுத்துவிடுகிறான். பயிற்சிப் பள்ளியில் ஒரு கைக்கு மேல் இன்னொரு கையைத் தூக்கிப் போட்டுச் சுற்றும்படிதான் கற்றுக்கொடுத்தார்கள். இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பியோ, கைகளைக் குறுக்கே போடுவதே தவறு, அங்கே தேர்வில் அப்படிச் செய்தால் தோற்கடித்துவிடுவார்கள் என்கிறான்.

குறுக்கே போடக்கூடாது என்பதற்கு உண்மையான காரணம் என்ன? போடாமல் இவ்வளவு கூரான வளைவில் எப்படித் திருப்புவது?

பழைய_அம்பாசடர்

தங்கச்சி, முப்பது ஆண்டுக்கும் மேலாக வாடகை வண்டி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கையைக் குறுக்கே போட்டால் குற்றம் என்பதெல்லாம் வெளிநாட்டுப் பேச்சு. நான் ஓட்டிய அம்பாசடர் காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது. ஏற்காடு மலையில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மெதுவாகத் திருப்பும்போது இரு கைகளும் மாறி மாறி மேலே விழுந்தால்தான் அந்தப் பெரிய சக்கரம் அசையும். ஸ்டியரிங்கைக் கடிகார முகமாக நினைத்தால், கைகள் எப்போதும் பத்து, இரண்டு மணி நிலையில் இருக்க வேண்டும். கட்டைவிரல்களை உள்ளே மடக்கிப் பிடிக்காமல் விளிம்பின் மேல் நீட்டி வைக்க வேண்டும். பள்ளத்திலோ கல்லிலோ சக்கரம் மோதினால் ஸ்டியரிங் திடீரென்று திருகும். உள்ளே மாட்டிய கட்டைவிரல் முறிந்துபோனவர்களை நான் கண்டிருக்கிறேன். இதைக் கடைப்பிடித்தால் போதும், மற்றது எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

குரொய்டன்_குமரன்

அக்கா, தேர்வைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். நான் இங்கே குரொய்டனில் இரண்டாவது முயற்சியில் தேர்ச்சி பெற்றவன். உங்கள் தம்பி சொல்வது இங்கே பலரும் நம்பும் கட்டுக்கதைதான். தேர்வை நடத்தும் டி.வி.எஸ்.ஏ. அமைப்பின் தேர்வாளர்கள் கைகள் குறுக்கே போனதற்காக மட்டும் பிழை போடுவதில்லை. வண்டி கட்டுப்பாட்டில் இருந்ததா, வளைவில் தடம் தவறியதா, ஓரக்கல்லில் ஏறியதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லாப் பயிற்றுநர்களும், கைகளைக் குறுக்கே போடாமல் ஒரு கையால் இழுத்து மறு கையால் தள்ளும் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆகவே தேர்வுக்கு முன்பு அதைப் பழகிக்கொண்டால் பதற்றம் குறையும். உங்களுக்குத் தேர்வு எப்போது?

தேன்மொழி_நாமக்கல்

நன்றி, குமரன். எனக்குத் தேர்வு எதுவும் இல்லை, உரிமம் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். மலைப்பாதையில் என் கைகள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆனாலும் தம்பியிடம் சொல்ல ஒரு செய்தி கிடைத்தது.

தடம்_கோவை

நான் கோவையில் நிறுவன வாகன ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வி வகுப்புகளில் அடிக்கடி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஒரு வளைவுக்கு ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்ற வேண்டும் என்று தெரிந்தால்தான் கைகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கே பொருள் உண்டு. உங்கள் வண்டியைப் போன்ற சிறிய காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.45 மீட்டர் என்றும், ஸ்டியரிங்கை 16 பாகை திருப்பினால் முன்சக்கரம் 1 பாகை திரும்பும் என்றும் வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவே ஓரளவு கூரான வளைவுதான். அதற்கு ஸ்டியரிங் ஏறத்தாழ 45 பாகை திரும்பினால் போதும். அதாவது கைகளை வைத்த இடத்திலிருந்து எடுக்காமலே அந்த வளைவை முடித்துவிடலாம். கொல்லிமலையில் இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவின் உள்தடத்தில் நீங்கள் செல்லும் பாதையின் ஆரம் 8 மீட்டர் என்றால், முன்சக்கரம் 17 பாகையும் ஸ்டியரிங் 270 பாகையும் திரும்ப வேண்டும். அது முக்கால் சுற்று. அதே வளைவில் எதிர்த்திசையிலிருந்து வெளித்தடத்தில், 12 மீட்டர் ஆரத்தில் வருபவருக்கு அரைச் சுற்றுக்குச் சற்று மேல் போதும். நம் நாட்டில் இடப்பக்கம் செல்வதால் உங்களுக்கு இடப்பக்க வளைவுகளில்தான் அதிகத் தொல்லை இருக்கும். நான் சொல்வது சரிதானா என்று பாருங்கள்.

ஒன்பது, மூன்று மணி நிலையில் பிடித்த கைகளை எடுக்காமல் திருப்பினால் கால் சுற்று வரை எளிதாகப் போகும். அதற்குமேல் முழங்கைகள் முறுக்கிக்கொள்ளத் தொடங்கி, அரைச் சுற்றில் கைகள் பூட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். ஆகவே முக்கால் சுற்றுக்கு எப்படியும் பிடியை மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தின்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன.

கைமேல் கை போட்டு இடப்பக்கம் திருப்பும்போது வலக்கை மேலே ஏறி இடப்பக்கம் வரை வந்துவிடும். அந்நேரம் இடக்கை விளிம்பை விட்டு, வலது முன்கைக்கு மேலாகத் தாண்டிப் போய் மறுபடி பிடிக்க வேண்டும். இடக்கை காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில், நீட்டி முறுக்கிய ஒற்றைக் கைதான் ஸ்டியரிங்கைத் தாங்குகிறது. திரும்பிய முன்சக்கரங்கள் எப்போதும் நேராகவே முயல்வதால், தளர்ந்த பிடியில் ஸ்டியரிங் நின்றுவிடும் அல்லது கொஞ்சம் பின்வாங்கும். இடக்கை வந்து பிடித்ததும் மறுபடி வேகமாக இழுப்பீர்கள். நீங்கள் சொன்ன வெட்டு இந்த நிறுத்தமும் இழுப்பும்தான். கூடவே தோள் முன்னால் போய் முதுகு இருக்கையை விட்டு விலகும். ஓட்டுநர் எதைப் பற்றிக்கொண்டு தம் உடலை நிறுத்துகிறாரோ அதையேதான் திருப்பவும் செய்கிறார் என்பதால், உடலின் ஆட்டமும் ஸ்டியரிங்கில் சேர்ந்துகொள்கிறது.

அடுத்தது ஏர்பேக். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தயாரிக்கப்படும் எல்லா கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அது ஸ்டியரிங்கின் நடுமூடியைக் கிழித்துக்கொண்டு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் விரிந்துவிடும். அந்த மூடிக்கு நேர் மேலே குறுக்காக ஒரு முன்கை கிடந்தால், பை அந்தக் கையைத்தான் முதலில் சந்திக்கும். கை எலும்பு முறியக்கூடும், கடிகாரமும் வளையலும் அணிந்த அதே கை ஓட்டுநரின் முகத்தில் வந்து அடிக்கவும் கூடும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. ஒன்பது, மூன்று மணி நிலையைப் பரிந்துரைப்பதற்கும், நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று சொல்வதற்கும் ஏர்பேக்தான் காரணம். அம்பாசடர் அண்ணன் கட்டைவிரலைப் பற்றிச் சொன்னது இன்றைக்கும் சரி. பத்து, இரண்டு மணி நிலை, பெரிய சக்கரமும் கனமான ஸ்டியரிங்கும் இருந்த காலத்தில் மேலிருந்து இழுக்க வசதியாக இருந்தது. ஏர்பேக் உள்ள வண்டியில் அதற்குக் கீழே இறங்கி வருவதே நல்லது.

பழைய_அம்பாசடர்

தம்பி கணக்கெல்லாம் போட்டிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஏர்பேக் வெடிப்பதற்காகவா வண்டி ஓட்டுகிறோம்? பத்து, இரண்டில் பிடித்துத்தான் என் மகனும் புது வண்டி ஓட்டுகிறான். ஒன்பது, மூன்றில் கை வைத்தால் நீண்ட பயணத்தில் எனக்குத் தோள் தளர்ந்துபோகிறது.

தேன்மொழி_நாமக்கல்

தடம் ஐயா, நீங்கள் ஊகித்தது சரி. இடப்பக்க வளைவுகளில்தான் எனக்கு அதிகம் வெட்டுகிறது, அதற்குக் காரணம் என் கைப்பழக்கம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். கைகளைக் குறுக்கே போடாமல் அந்த முக்கால் சுற்றை எப்படிக் கொண்டுவருவது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? காணொளிகளில் பார்த்தால் கைகள் இரண்டும் ஓரிடத்தில் சேர்வதும் பிரிவதுமாக இருக்கின்றனவே தவிர, எந்தக் கை எப்போது பிடிக்கிறது என்பது விளங்கவில்லை.

தடம்_கோவை

காணொளியில் விளங்காததற்குக் காரணம், விளிம்பைப் பிடித்திருக்கும் கைக்கும் சும்மா தொட்டுக்கொண்டு நழுவும் கைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு கைதான் ஸ்டியரிங்கை நகர்த்தும். மற்றது விளிம்பை விடாமல் தளர்வாக நழுவும். இடக்கை இடப்பாதியை விட்டு வெளியே போகாது, வலக்கை வலப்பாதியை விட்டு வெளியே போகாது. கடிகாரத்தின் பன்னிரண்டையும் ஆறையும் இரண்டு கைகளுக்குமான எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்க வளைவை எடுத்துக்கொள்வோம். வளைவுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பே, ஸ்டியரிங் இன்னும் நேராக இருக்கும்போதே, இடக்கையை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு அருகே வழுக்கிக் கொண்டுபோங்கள். அங்கிருந்து விளிம்பைப் பிடித்து ஏழு மணி வரை ஒரே இழுப்பாகக் கீழே இழுங்கள். இது ஏறத்தாழ 150 பாகை. இடக்கை இழுக்கும் அதே நேரத்தில் வலக்கை மூன்றிலிருந்து ஐந்துக்கு நழுவி இறங்கி, இடக்கைக்கு இணையான உயரத்தில் காத்திருக்க வேண்டும். இடக்கை ஏழைத் தொடும்போது வலக்கை பிடித்து மேல்நோக்கித் தள்ளத் தொடங்கும். ஐந்திலிருந்து ஒன்று வரை தள்ளினால் 120 பாகை. இரண்டும் சேர்ந்து 270. அதாவது நீங்கள் அஞ்சும் கொண்டை ஊசி வளைவுக்கு வேண்டியது ஒரு இழுப்பும் ஒரு தள்ளலும் மட்டும்தான்.

கைகள் மாறும் அந்தக் கணத்தில் இரு கைகளும் விளிம்பின் மேல் இருப்பதுதான் இங்கே முக்கியம். வலக்கை இறுகப் பற்றிய பிறகுதான் இடக்கை தளர வேண்டும். இந்த ஒன்று சரியாக வந்துவிட்டால் வெட்டு பெரும்பாலும் போய்விடும்.

வளைவு முடிகையில் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். வலக்கை ஒன்றிலிருந்து ஐந்து வரை இழுக்கட்டும், பிறகு இடக்கை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை தள்ளட்டும். ஸ்டியரிங் தானாகவே திரும்பி வரும் என்று விட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். வேகமாகச் செல்லும்போது அது தானாக வரும் என்பது உண்மை. ஆனால் மலையில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. வேகத்தில் பாதியோடு நின்றுவிடுவதும் உண்டு. நடுவில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. தளர்வான இரு உள்ளங்கைகளுக்குள் நழுவவிட்டு, தேவையான இடத்தில் பிடித்து நிறுத்துவதை நான் தடுக்க மாட்டேன். கைகளை முழுதும் எடுத்துவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இவ்வளவையும் செய்ய நேரம் இருக்குமா என்று கேட்பீர்கள். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 3.3 மீட்டர் நகர்கிறது. 8 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் 25 மீட்டர் நீளம். வளைவு முழுவதற்கும் ஏழு நொடிக்கு மேல் ஆகும். அதில் முதல் இரண்டு நொடிகளில் முக்கால் சுற்றைக் கொண்டுவருவது நிதானமான வேலைதான். அதே வளைவில் 20 கி.மீ. வேகத்தில் நுழைந்தால் நேரம் குறைவதோடு, பக்கவாட்டில் தள்ளும் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். உங்கள் மகனுக்கு வாந்தி வருவதில் ஸ்டியரிங் வெட்டுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, அதே அளவு பங்கு நுழையும் வேகத்துக்கும் இருக்கலாம். பிரேக் பிடிப்பதையும் கியர் குறைப்பதையும் ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிட்டால், வளைவுக்குள் இரு கைகளும் ஸ்டியரிங்குக்கே கிடைக்கும். பலரும் திருப்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு மாற்றப் போய், ஒற்றைக் கையால் மீதியைச் சுற்றுகிறார்கள்.

வலதுதோள்

நான் கேட்க வந்தது வேறு, ஆனாலும் இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். எனக்கு வலது தோள் இறுகிப்போய், கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கைமேல் கை போடுவது என்னால் முடியவே முடியாது. இதனால் ஸ்டியரிங் விளிம்பில் பொருத்தும் குமிழ் ஒன்றை வாங்கி, இடக்கையாலேயே சுற்றிவருகிறேன். மிக எளிதாக இருக்கிறது. தேன்மொழி அவர்களும் அதையே வாங்கிப் போட்டால் என்ன?

தடம்_கோவை

ஐயா, உங்கள் தோளுக்கு இழுத்துத் தள்ளும் முறை பொருந்தும் என்றே தோன்றுகிறது. வலக்கை ஒன்று மணி வரை உயர வேண்டியதில்லை. மூன்றுக்குச் சற்று மேல் வரை தள்ளிவிட்டு, மீதியை இன்னொரு சிறு இழுப்பால் எடுக்கலாம். வீச்சுகள் சிறியவையாக, எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். குமிழைப் பொறுத்தவரை, உடல் குறைபாடுள்ளவர்களுக்காக முறையாக மாற்றியமைத்த வண்டிகளில் அதற்கு இடம் உண்டு. இரு கைகளும் நன்றாக இருப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டியரிங் வேகமாகத் திரும்பி வரும்போது சட்டைக் கையையோ துப்பட்டாவையோ அந்தக் குமிழ் கொத்திக்கொள்ளும். மோதலின்போது நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கடினமான பொருளும் அதுதான். உங்கள் வண்டியில் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பதைத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

செம்மண்_தடம்

இங்கே ஒருதலைப்பட்சமாகப் பேச்சு போகிறது என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். மண்தடப் பந்தயங்களில் கலந்துகொள்பவன் நான். வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுழலத் தொடங்கும் நேரத்தில், அரை நொடிக்குள் ஒரு முழுச் சுற்று எதிர்த்திருப்பம் கொடுக்க வேண்டியிருக்கும். இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தால் அதற்குள் வண்டி பள்ளத்தில் இருக்கும். கைமேல் கை போடுவதைவிட வேகமான முறை எதுவும் கிடையாது. என்.எச்.டி.எஸ்.ஏ. வெளியிட்ட அதே அறிவுரையிலேயே, குறைந்த வேகத்தில் திரும்புவதற்குக் கைமேல் கை முறையும் ஏற்கத்தக்கதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஏர்பேக்கும் 12 கி.மீ. வேகத்தில் விரியாது. நின்ற சுவரில் பதினைந்து இருபது கி.மீ. வேகத்தில் நேராக மோதினால்தான் பெரும்பாலும் விரியும். அப்படியிருக்க, கொண்டை ஊசி வளைவில் ஏர்பேக்கைக் காட்டி அச்சுறுத்துவது சரியா?

தடம்_கோவை

அமெரிக்க அறிவுரையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கைமேல் கை முறையைக் குற்றமாக நானும் சொல்லவில்லை. ஏர்பேக்கைப் பொறுத்தவரை, மலை வளைவில் நீங்கள் மோதப்போவது பெரும்பாலும் நிற்கும் சுவர் அல்ல, தடம் மாறி எதிரே இறங்கி வரும் ஒரு வேன் அல்லது பேருந்து. உங்கள் வேகம் 12 ஆக இருந்தாலும் அதன் வேகமும் எடையும் சேர்ந்துகொள்ளும். கைகள் குறுக்கே இருக்கும் கணமும், எதிர்வண்டி கண்ணில் படும் கணமும் ஒன்றாகவே வரும் இடம் கொண்டை ஊசி வளைவின் நடுப்பகுதிதான். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்றால், ஏற்கெனவே முறுக்கிக்கொண்ட கைகளில் அதற்கு இடம் இருக்காது. இழுத்துத் தள்ளும் முறையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் இரு பக்கமும் திருப்ப ஒரு வீச்சு மிச்சம் இருக்கும். என் வகுப்புகளில் ஏர்பேக்கைவிட இதைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறேன்.

வழுக்கலைச் சமாளிப்பதில் உங்கள் அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் குறுக்கே வந்த மாட்டைத் தவிர்ப்பது போன்றவற்றுக்கு, ஒன்பது, மூன்றில் பிடித்த கைகளை எடுக்காமலே கால் சுற்றுக்குள் தேவையான திருப்பம் முழுதும் கிடைத்துவிடும். 80 கி.மீ. வேகத்தில் அதற்குமேல் திருப்பினால் அதுவே வண்டியைக் கவிழ்க்கவும் கூடும். அங்கே இரண்டு முறைகளுக்கும் வேலை இல்லை.

செம்மண்_தடம்

மாட்டுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். மழையில் நனைந்த இறக்கத்தில் பின்பக்கம் விலகினால் பொருந்தாது. ஒரு முறையை மட்டுமே பழக்கிய ஓட்டுநரின் கை, அந்த நேரத்தில் பழக்கப்பட்டதைத்தான் செய்யும். அதனால் இரண்டையும் பழக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதில் நாம் உடன்படப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

பத்துச்_சக்கரம்

லாரி ஓட்டுபவன். எங்கள் ஸ்டியரிங் பெரியது, ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும், ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசி வரை திருப்பக் காரைவிடக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். வால்பாறைப் பாதையில் 40 வளைவுகளிலும் இழுத்துத் தள்ளித்தான் ஏறுகிறேன். கைமேல் கை போட்டால் உடம்பு முன்னால் சாய்ந்து கண் சாலையை விட்டுவிடுகிறது. இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, தோள்வலிதான் கற்றுத்தந்தது. ஒரு சந்தேகம். கொஞ்ச நாளாக என் தம்பியின் காரில் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் நேராகத் திரும்பி வருவதே இல்லை, இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அது கைகளின் தவறா?

தடம்_கோவை

இல்லை, அண்ணே, அது வண்டியின் கோளாறு. முதலில் முன் டயர்களில் காற்று குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் அதுவே காரணமாக இருக்கும். காற்று சரியாக இருந்தால் சக்கர அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சு மேற்பக்கம் சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் ஸ்டியரிங் தானே நேராகிறது. பள்ளத்தில் விழுந்து ஏதேனும் வளைந்திருந்தால் அந்தச் சாய்வு மாறியிருக்கும். இரண்டும் சரி என்றால், வண்டியை நிறுத்தி முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போதும் எங்காவது இறுகினால், ஸ்டியரிங் தண்டின் இணைப்போ பந்து மூட்டோ துருப்பிடித்திருக்க வாய்ப்பு உண்டு.

தேன்மொழி_நாமக்கல்

சென்ற ஞாயிறு, ஊருக்கு வெளியே உள்ள பள்ளி மைதானத்தில் இதைப் பழகிப் பார்த்தோம். ஸ்டியரிங்கின் உச்சியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றை ஒட்டிக்கொண்டேன். முக்கால் சுற்று என்பது எவ்வளவு என்று கண்ணால் பார்த்தபோது, இதுவரை தேவைக்கு மேல் சுற்றிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. இருக்கையிலும் ஒரு குறை இருந்தது. முதுகை இருக்கையில் ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொடவில்லை, விரல் நுனிதான் தொட்டது. இருக்கையை இரண்டு படி முன்னால் தள்ளியதும் பன்னிரண்டு மணிக்குக் கை எட்டுவது எளிதாகிவிட்டது.

திருப்பும்போது இப்போது வெட்டு இல்லை. ஆனால் திரும்பி வரும்போது, இடக்கை தள்ளத் தொடங்கும் இடத்தில் ஸ்டியரிங் என் கையைவிட வேகமாக ஓடிவிடுகிறது. அதைப் பிடிக்கப் போய் வண்டி ஒருமுறை அசைகிறது. மைதானத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை, மலையில் தெரியும் என்று அஞ்சுகிறேன்.

தடம்_கோவை

அந்த இடத்தில் உங்கள் வலது கால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது சாலை நேராகத் தெரிந்ததும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேகம் கூடக் கூட ஸ்டியரிங் நேராகும் விசையும் கூடும், ஆகவே அது உங்கள் கையை முந்திக்கொள்ளும். ஸ்டியரிங் பாதிக்கு மேல் நேராகும் வரை காலை ஒரே அளவில் வைத்திருந்து, அதன் பிறகு மிதியுங்கள். அப்போதும் முந்தினால், திரும்பி வரும் இரண்டாம் பாதியில் இடக்கையால் தள்ளாமல் இரு உள்ளங்கைகளாலும் மெல்ல உரசவிட்டுத் தடுத்தபடி நழுவவிடுங்கள். சிவப்பு டேப் உச்சிக்கு வரும்போது பிடித்துக்கொண்டால் போதும். மலையேறும்போது முதல் பத்து வளைவுகளில் பின்னால் வண்டி ஏதும் ஒட்டிக்கொண்டு வந்தால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள்.

குரொய்டன்_குமரன்

அக்கா, அந்த டேப் உச்சிக்கு வருவதைப் பார்க்கக் கண் ஸ்டியரிங்குக்கு இறங்கிவிடாதா? என் பயிற்றுநர் ஸ்டியரிங்கைப் பார்க்கவே விடமாட்டார்.

தேன்மொழி_நாமக்கல்

மைதானத்தில் இறங்கத்தான் செய்தது. கடைசியாகச் சுற்றிய எட்டு வடிவத்தில் வளைவின் முடிவையே பார்க்கச் சொல்லிக் கணவர் பக்கத்திலிருந்து நினைவூட்டிக்கொண்டே இருந்தார். டேப் பார்வையின் ஓரத்தில் தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. மலைக்குப் போவதற்கு முன் அதைப் பிய்த்துவிடலாமா, விட்டுவைக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பழைய_அம்பாசடர்

விட்டுவை, தங்கச்சி. இறங்கும்போது முதல் கியரிலேயே இறங்கு. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட மறந்துவிடாதே.